மீ.பொ.வ சரிதானா: எந்தச் சோதனையை நம்புவது?

தொடர் வகுத்தல் முறையில் இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கடைசியில் மீதி 0 வந்தது, அதற்கு முந்தைய மீதியை விடையாக எழுதினீர்கள். அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கிடைத்த எண்ணால் இரண்டு எண்களையும் வகுத்துப் பார்க்கிறார்கள். மீதியின்றி வகுபட்டால் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். இந்தச் சோதனை தேவையானது. ஆனால் அது போதாது. அதோடு, எந்தத் தவறு அடிக்கடி நேருமோ அந்தத் தவறைத்தான் இது கண்டுகொள்ளாமல் விடுகிறது. அதனால் கைவசம் இருக்கும் சோதனைகள் ஒவ்வொன்றும் எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது, எவ்வளவு வேலை வாங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஒரே சோடி எண்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்போம்: 1764, 693. பிழையில்லாத கணக்கு இது.

1764 = 2 × 693 + 378
693 = 1 × 378 + 315
378 = 1 × 315 + 63
315 = 5 × 63 + 0

விடை 63. வகுத்துப் பார்த்தால் 1764 = 63 × 28, 693 = 63 × 11. இரண்டிலும் மீதி இல்லை.

இப்போது கணக்கைக் கொஞ்சம் கெடுப்போம். முதல் வரியில் மீதி 378 என்று சரியாகவே வந்தது, அடுத்த வரிக்கு எடுத்து எழுதும்போது 308 என்று எழுதிவிட்டார் ஒருவர். அதன்பின் அவர் கணக்கு 693 = 2 × 308 + 77, 308 = 4 × 77 என்று போய் 77 இல் முடிகிறது. அவர் சிறிய எண்ணை மட்டும் சோதித்தால் 693 = 77 × 9 என்று அழகாக வகுபடும். பெரிய எண்ணை வகுத்தால்தான் குட்டு வெளிப்படும்: 77 × 22 = 1694, மீதி 70. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் மீதியில் தவறு நேர்ந்தால், அதன்பின் நடக்கும் கணக்கு முழுவதும் 693 உம் அந்தத் தவறான மீதியும் சேர்ந்த சோடியின் கணக்காகிவிடுகிறது. ஆகவே வரும் விடை 693 ஐ வகுத்தே தீரும். சிறிய எண்ணை மட்டும் வகுத்துப் பார்ப்பது அந்தத் தவறைப் பொறுத்தவரை சோதனையே அல்ல. வகுப்பதானால் பெரிய எண்ணில் தொடங்குங்கள். இன்னொரு வேடிக்கை, மீதியாக வந்த 70 என்பது 378 க்கும் 308 க்கும் உள்ள வேறுபாடேதான். எங்கே தவறு என்று தேடுகிறவருக்கு அது நல்ல துப்பு.

இதுவரை வகுத்தல் சோதனை வேலை செய்தது. அடுத்த தவறைப் பாருங்கள். 1764 இலிருந்து 1386 ஐக் கழிக்கும்போது கடன் வாங்கியதில் பிசகி 368 என்று ஒருவர் எழுதுகிறார். 693 = 368 + 325, 368 = 325 + 43, 325 = 7 × 43 + 24 என்று தொடர்ந்து, மீதிகள் 19, 5, 4 என்று இறங்கிக் கடைசியில் 1 இல் நிற்கிறது. இவை சார்பகா எண்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார். அவர் வகுத்துச் சோதித்தால் என்ன ஆகும்? 1 எல்லா எண்களையும் வகுக்கும். சோதனை தேறிவிடும். உண்மையான விடை 63 ஆக இருக்கும்போது 1 என்று எழுதியவர் நூற்றுக்கு நூறு சரி என்று நினைத்துக்கொள்வார்.

இது அபூர்வமான விபத்து அன்று. தற்செயலாக எடுத்த இரண்டு எண்கள் சார்பகா எண்களாக அமையும் நிகழ்தகவு 6/π², அதாவது ஏறத்தாழ 61 சதவீதம். நடுவில் ஒரு மீதி தவறிவிட்டால், அதன்பின் உள்ள சோடிக்கும் மூல எண்களுக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது. அந்தச் சோடி ஏறக்குறைய ஒரு தற்செயல் சோடிபோலவே நடந்துகொள்ளும். எனவே பிழையான கணக்கு 1 இல் போய் முடிவதே மிகச் சாதாரணமாக நேர்வது. அந்த இடத்தில்தான் வகுத்தல் சோதனைக்குப் பார்வை இல்லை.

மூன்றாவது தவறு இன்னும் நயமானது. 378 ஐ எடுத்தெழுதும்போது இலக்கங்கள் இடம் மாறி 387 ஆகிவிட்டது.

693 = 1 × 387 + 306
387 = 1 × 306 + 81
306 = 3 × 81 + 63
81 = 1 × 63 + 18
63 = 3 × 18 + 9
18 = 2 × 9 + 0

விடை 9. சோதித்தால் 1764 = 9 × 196, 693 = 9 × 77. இரண்டும் மீதியின்றி வகுபடுகின்றன. 1 என்று வந்திருந்தால் கொஞ்சமாவது சந்தேகம் வரும். 9 பார்ப்பதற்கு நம்பத்தகுந்த விடையாகவே இருக்கிறது.

எந்தத் தவறான விடைகள் வகுத்தல் சோதனையைத் தாண்டும் என்பதற்கு ஒரு தெளிவான விதி இருக்கிறது. கணக்கில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிழை, அங்கே உண்மையான மீதிக்கும் எழுதிய மீதிக்கும் உள்ள வேறுபாடு e என்று வைத்துக்கொள்வோம். கிடைத்த விடை இரண்டு மூல எண்களையும் வகுக்குமானால், அது உண்மையான மீதிகள் ஒவ்வொன்றையும் வகுக்கும், ஏனென்றால் அந்த மீதிகள் எல்லாம் மூல எண்களின் மடங்குகளைக் கூட்டியும் கழித்தும் வந்தவை. அதே விடை தவறாக எழுதிய மீதியையும் வகுக்கிறது. ஆகவே அது இரண்டின் வேறுபாடான e ஐயும் வகுக்க வேண்டும். மேலே பாருங்கள்: 387 இலிருந்து 378 போனால் 9, தப்பிப் பிழைத்த விடையும் 9. கடன் வாங்கியதில் வந்த பிழை 10, தப்பிய விடை 1. 308 என்று எழுதியதில் வேறுபாடு 70, அதை 77 வகுக்காது, எனவே பிடிபட்டது.

இதிலிருந்து நடைமுறைக்குப் பயன்படும் ஒரு முடிவு கிடைக்கிறது. கடன் வாங்குவதில் நேரும் பிழைகள் பெரும்பாலும் 1, 10, 100 என்ற அளவில் இருக்கும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் வேறுபாடு எப்போதும் 9 இன் மடங்காக இருக்கும். ஆகவே 1, 2, 3, 5, 6, 9, 10 போன்ற சிறிய விடைகள் வந்து அவை இரு எண்களையும் வகுத்தாலும், அந்தத் தேர்ச்சிக்கு அதிக மதிப்பில்லை. மாறாக 63 போன்றதொரு விடை வந்து வகுத்தல் சோதனையிலும் தேறினால், அது தவறாக இருப்பதற்கு நீங்கள் செய்த பிழை சரியாக 63 இன் மடங்காக இருந்திருக்க வேண்டும். அப்படி நேரலாம், ஆனால் அரிது. வேறு சோதனை செய்ய நேரமே இல்லாதவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்: விடை சிறியதாக இருந்தால் இன்னொரு சோதனை கட்டாயம்.

சரி, அந்த இன்னொரு சோதனை எது?

பலர் முதலில் நினைப்பது கணக்கை வரிக்கு வரி சரிபார்ப்பது. ஒவ்வொரு வரியிலும் ஈவையும் வகுக்கும் எண்ணையும் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வருகிறதா என்று பார்ப்பது. கழித்தல் பிழையை இது பிடிக்கும். 368 என்று எழுதியவர் 1386 + 368 = 1754 என்பதைக் கண்டதும் விழித்துக்கொள்வார். ஆனால் 387 என்று எழுதியவரை இது காப்பாற்றாது. அவருடைய முதல் வரி 1764 = 2 × 693 + 378, சரி. இரண்டாவது வரி 693 = 387 + 306, அதுவும் சரி. எல்லா வரிகளும் தனித்தனியே உண்மை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எண் போகும் வழியில்தான் தவறு இருக்கிறது. வரிகளைத் தனித்தனியாகப் பார்க்கிறவர் அந்த வழியைப் பார்ப்பதில்லை.

அதே கணக்கை மறுபடி செய்வது என்பது இன்னும் பலவீனமானது, முதல் தடவை ஏமாந்த கண் அதே இடத்தில் மறுபடி ஏமாறும். மறுபடி செய்தே ஆக வேண்டுமென்றால் வழியை மாற்றுங்கள். ஈவை ஒன்று கூட்டி எடுத்து, மீதிக்குப் பதிலாகக் குறையை எழுதலாம்: 1764 = 3 × 693 − 315, அடுத்து 693 = 2 × 315 + 63, பிறகு 315 = 5 × 63. அதே 63, ஆனால் மூன்றே வரிகளில். வகுக்கும் எண்ணின் பாதிக்கு மேல் மீதி வரும்போதெல்லாம் இப்படிச் செய்யலாம். இடையில் வரும் கழித்தல்கள் வேறாக இருப்பதால் பழைய பிழை அப்படியே திரும்ப வருவதற்கு வாய்ப்புக் குறைவு.

மீச்சிறு பொது மடங்கை வைத்துச் சரிபார்ப்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இரு எண்களின் பெருக்கற்பலன், மீ.பொ.வ, மீ.பொ.ம ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்குச் சமம் என்பது உண்மைதான். ஆனால் மீ.பொ.ம ஐ எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? பெரும்பாலும் பெருக்கற்பலனை மீ.பொ.வ ஆல் வகுத்துத்தான். தவறான 9 ஐ வைத்துக்கொண்டால் மீ.பொ.ம என்று 1764 × 77 = 135828 வரும். அதை 9 ஆல் பெருக்கினால் 1222452. 1764 × 693 உம் அதுவே. கணக்கு இம்மி பிசகாமல் ஒத்துப்போகிறது, விடையோ தவறு. வகுத்த எண்ணாலேயே பெருக்கினால் பழைய எண் திரும்பி வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மீ.பொ.ம ஐ முற்றிலும் வேறு வழியில் கண்டுபிடித்திருந்தால் மட்டுமே இது சோதனை.

உண்மையில் போட்டியிடும் வழிகள் மூன்று.

முதலாவது, பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்ப்பது. 1764 = 2² × 3² × 7², 693 = 3² × 7 × 11. பொதுவானவை 3² × 7 = 63. தொடர் வகுத்தலோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதே இதன் பலம், அங்கே நேர்ந்த பிழை இங்கே எட்டிப் பார்க்க முடியாது. மூன்று நான்கு இலக்க எண்கள், அதுவும் சிறிய காரணிகள் உள்ளவை என்றால் இது போதும். ஆனால் எண்கள் வளர வளர இது விரைவில் கையை மீறிப் போகும். இரண்டு நான்கு இலக்கப் பகா எண்களின் பெருக்கற்பலனைக் கையால் காரணிப்படுத்த ஆயிரத்துக்கு மேலும் பகா எண்களால் வகுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கலாம். தொடர் வகுத்தலில் அந்தச் சிக்கல் இல்லை. சிறிய எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் வரிகள் தேவைப்படாது என்று 1844 இல் கேப்ரியல் லாமே நிறுவினார். காரணிப்படுத்தத் தேவையில்லை என்பதற்காகத்தான் தொடர் வகுத்தலைத் தேர்ந்தெடுக்கிறோம். சரிபார்க்க மறுபடி காரணிப்படுத்தலுக்கே போவது பெரிய எண்களில் பொருந்தாது.

இரண்டாவது, ஈவுகளைச் சோதிப்பது. இரண்டு எண்களையும் விடையால் வகுத்தபோது கிடைத்த ஈவுகளுக்கு 1 ஐத் தவிர வேறு பொது வகுத்தி இருக்கக் கூடாது. 63 ஆல் வகுத்தால் 28, 11. 11 பகா எண், அது 28 ஐ வகுக்காது, கதை முடிந்தது. 9 ஆல் வகுத்தால் 196, 77. 77 என்பது 7 × 11, 196 என்பது 7 × 28. பொதுவாக ஒரு 7 நிற்கிறது. எனவே 9 மீப்பெரியது அன்று. இந்த வழி எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், இது தவறைச் சொல்வதோடு நிற்காமல் திருத்தியும் தருகிறது. விட்டுப்போன 7 ஐ 9 உடன் பெருக்கினால் 63. கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சிறிய ஈவை மட்டும் காரணிப்படுத்தினால் போதும் என்பதால் வேலையும் குறைவு.

ஈவுகளும் பெரிதாக இருந்தால் அவற்றுக்கே தொடர் வகுத்தல் செய்யலாம். அப்போது ஓர் அழகான விஷயம் தெரியும். 28 = 2 × 11 + 6, 11 = 1 × 6 + 5, 6 = 1 × 5 + 1, 5 = 5 × 1. ஈவுகள் 2, 1, 1, 5. முதல் கணக்கிலும் அதே 2, 1, 1, 5 தான். விடை சரியானால் இரண்டு கணக்குகளும் வரிக்கு வரி ஒன்றேதான், எல்லா எண்களும் 63 ஆல் சுருங்கியிருக்கின்றன, அவ்வளவே. ஈவுகளின் வரிசை மாறினால் ஏதோ ஒரு கணக்கில் பிழை இருக்கிறது. ஆனால் விடை 1 என்று வந்திருந்தால் இந்த வழி கைவிட்டுவிடும். 1 ஆல் வகுத்தால் ஈவுகள் மூல எண்களேதான், மறுபடி அதே 1764, 693 க்கு முன் வந்து நிற்பீர்கள்.

அந்த இடத்தில் தேவைப்படுவது மூன்றாவது வழி, பின்னோக்கிப் பிரதியிடுதல். கடைசி வரியிலிருந்து மேலே ஏறிப்போய், விடையை மூல எண்களின் மடங்குகளாக எழுதுவது. சரியான கணக்கில் 63 = 378 − 315. 315 க்குப் பதில் 693 − 378 என்று போட்டால் 63 = 2 × 378 − 693. 378 க்குப் பதில் 1764 − 2 × 693 என்று போட்டால்

63 = 2 × 1764 − 5 × 693

பெருக்கிப் பாருங்கள்: 3528 − 3465 = 63. இந்த ஒரு வரி எதை நிரூபிக்கிறது? 1764 ஐயும் 693 ஐயும் வகுக்கும் எந்த எண்ணும் வலப்பக்கத்தை வகுக்கும், ஆகவே 63 ஐ வகுக்கும். 63 ஐ வகுக்கும் எண் 63 ஐவிடப் பெரியதாக இருக்க முடியாது. எனவே 63 ஐவிடப் பெரிய பொது வகுத்தி கிடையாது. 63 இரண்டையும் வகுக்கிறது என்பதை வகுத்தல் சோதனை காட்டிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் வேறு எதுவும் பாக்கியில்லை. யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் இந்த முறையை நிறுவும்போதும் இதே இரண்டு படிகள்தான்: கிடைத்த எண் இரண்டையும் அளக்கிறது என்று முதலில், அதைவிடப் பெரியது எதுவும் அளக்காது என்று பிறகு.

தவறான கணக்கில் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்கலாம். 9 இல் முடிந்த கணக்கைப் பின்னோக்கி ஏறினால் 9 = 19 × 693 − 34 × 387 என்று வரும். இங்கே 387 க்கு 1764 − 2 × 693 என்று போடப் போகும்போதே, முதல் வரியில் இருப்பது 378 என்பது கண்ணில் படக்கூடும். படாவிட்டாலும் பரவாயில்லை. முடிவில் 9 = 87 × 693 − 34 × 1764 என்று எழுதுவார். பெருக்கினால் 60291 − 59976 = 315. ஒன்பதுக்குப் பதிலாக முந்நூற்றுப் பதினைந்து. பிழை வெளிப்பட்டுவிட்டது. அந்த 315 கூட வெறும் குப்பை அன்று, அது 63 × 5. இரு எண்களின் மடங்குகளை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் உண்மையான மீ.பொ.வ இன் மடங்குதான் வரும். அதனால் 9 ஐயோ 1 ஐயோ இந்த எண்களிலிருந்து யாராலும் எழுதவே முடியாது. 1 என்ற தவறான விடை இங்கே தப்ப வழியில்லை.

ஆனால் இந்தச் சமன்பாடு தனியாக நின்றால் போதாது. 315 = 87 × 693 − 34 × 1764 என்பது உண்மையான சமன்பாடுதான், அதற்காக 315 மீ.பொ.வ ஆகிவிடாது, அது 1764 ஐ மீதியின்றி வகுக்காது. வகுத்தல் சோதனை மிகச் சிறிய விடைகளை விட்டுவிடும், சமன்பாட்டுச் சோதனை மிகப் பெரிய விடைகளை விட்டுவிடும். இரண்டையும் செய்தால்தான் முழுமை. இந்த வழியின் குறை, பின்னோக்கி ஏறுவதில் குறிகள் எளிதில் பிசகும் என்பது. ஆனால் அங்கே பிசகினால் சமன்பாடு நிற்காமல் போகும், சரியான விடையை வீணாகச் சந்தேகிப்பீர்கள். தவறான விடையைச் சரியென்று நம்பும் ஆபத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஆகவே என் தேர்வு இப்படி. கையால் செய்யும் கணக்கில் முதலில் பெரிய எண்ணையும் பிறகு சிறிய எண்ணையும் வகுத்துப் பார்ப்பேன். ஈவுகள் சிறியவையாக இருந்தால் அவற்றின் பொதுக் காரணியைத் தேடுவதோடு நிறுத்திக்கொள்வேன். விடை 1 என்றாலோ, ஈவுகள் இன்னும் பெரிதாக இருந்தாலோ, பின்னோக்கிப் பிரதியிடுவேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை. நீட்டித்த யூக்ளிட் முறை அந்த இரண்டு கெழுக்களையும் வகுத்துக்கொண்டு போகும்போதே தந்துவிடும், சரிபார்ப்பது ஒரே வரி:

```python
def sariya(a, b, d, x, y):
    return d > 0 and a % d == 0 and b % d == 0 and a*x + b*y == d

sariya(1764, 693, 63, 2, -5)    # True
sariya(1764, 693, 9, -34, 87)   # False
```

விடை எந்த வழியில் வந்தது என்று இந்தச் செயற்கூறு கேட்பதே இல்லை. யாரோ ஊகித்த எண்ணாக இருந்தாலும், மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால் அது மீ.பொ.வ தான்.

மீதியின்றி வகுபடுகிறதா என்பதை `%` கொண்டே சோதிக்க வேண்டும். தசம வகுத்தல் செய்து, விடையில் பின்னம் இல்லையே என்று பார்ப்பது பெரிய எண்களில் ஏமாற்றும்:

```python
((10**17 + 1) / 10).is_integer()   # True
(10**17 + 1) % 10                  # 1
```

10¹⁶ அளவில் மிதவைப்புள்ளி எண்கள் இரண்டு இரண்டாகத்தான் தாவுகின்றன, அதனால் கடைசியில் இருந்த 0.1 வந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடுகிறது. பத்து இலக்கம் காட்டும் கையடக்கக் கணிப்பானிலும் இதே சிக்கல்தான். திரையில் முழு எண் தெரிந்தால் அதை நம்பாமல், அந்த ஈவை விடையால் கையால் பெருக்கி, மூல எண்ணின் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.